'சூப்பர்டி' என்று எழுதினால் போதுமா?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவரிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் மகள் வயிற்றுப் பேத்தி ஒரு ரஃப் நோட்டோடு வந்தாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டு அவளுடையது அல்ல, பக்கத்தில் உட்காரும் தோழியுடையது. அவர்களுடைய இயற்பியல் ஆசிரியர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். செய்முறையை ரெக்கார்டு நோட்டில் ஏற்றுவதற்கு முன்னால் ரஃப் நோட்டை இருவர் இருவராக மாற்றிக்கொள்ள வேண்டும். தோழி எழுதியதைப் படித்து, எது நன்றாக இருக்கிறது, எதைச் சரிசெய்யலாம் என்று கடைசிப் பக்கத்தில் எழுதித் தர வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது.

பேத்தி எழுதி முடித்துவிட்டுத்தான் என்னிடம் காட்டினாள்.

"சூப்பர்டி! ரொம்ப நீட்டா இருக்கு. ஆன்சர் மட்டும் தப்பு. 9.8 வரணும். மாத்திடு."

அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. "எப்படி இருக்கு அம்மாச்சி?" என்றாள். அந்த "மாத்திடு" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. ஏனென்று சொல்கிறேன்.

முப்பது வருடம் இருக்கும். ஏழாம் வகுப்பில் தண்ணீரின் கொதிநிலை பார்க்கிற பாடம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வெப்பமானி. குழு குழுவாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லா நோட்டிலும் 100 என்று இருந்தது. ஒரே ஒரு பையன் மட்டும் 97 என்று எழுதியிருந்தான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிவப்பு மையில் சுழித்து, "100 என்று எழுது" என்று போட்டேன். அவன் ரப்பரால் அழித்துவிட்டு 100 என்று எழுதி வந்தான். டிக் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வேறொரு வகுப்புக்காக நானே அதே வெப்பமானியைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்தேன். 97 காட்டியது. எத்தனை முறை பார்த்தாலும் 97தான். வெப்பமானியில்தான் கோளாறு. அந்த வகுப்பிலேயே வெப்பமானியை உண்மையில் பார்த்து எழுதியவன் அவன் ஒருவன்தான். மற்ற எல்லோரும் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள். உண்மையை எழுதியவனைத்தான் நான் அழிக்க வைத்தேன்.

அதனால் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "வா ஆத்தா, இதை முதலில் இருந்து படிப்போம்" என்றேன். நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் என் எல்லைக்கு வெளியே. ஆனால் பெருக்கல் வகுத்தல் தெரியும், எழுதியதைப் படிக்கத் தெரியும். தோழியின் நோட்டைப் பார்க்க அது போதும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

செய்முறை இதுதான். தனி ஊசல். ஒரு நூலில் சின்ன உலோகக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, லேசாக இழுத்து விட வேண்டும். போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. 20 அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று நிறுத்து கடிகாரத்தில் பார்த்து, 20ஆல் வகுத்தால் ஓர் அலைவின் நேரம் T. நூலின் நீளம் l. g = 4π²l/T² என்று போட்டால் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். புத்தகத்தில் 9.8 என்று இருக்கும்.

அந்தப் பெண் மூன்று நீளங்களுக்குச் செய்திருந்தாள். 60 செ.மீ.க்கு 29.5 வினாடி, 80 செ.மீ.க்கு 34.1, 100 செ.மீ.க்கு 38.1. அதிலிருந்து g 10.89, 10.86, 10.88 என்று வந்திருந்தது. சராசரி 10.88. "மனிதப் பிழை காரணமாக விடை சற்று வேறுபடுகிறது" என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. 38.1க்கு மேலே பென்சிலில், தெரிந்தும் தெரியாமலும், 40.1 என்று எழுதியிருந்தாள்.

முதலில் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் ஒரு தடவை படிக்கச் சொன்னேன். கையில் பேனா இருந்தால் கண் எழுத்துப்பிழைக்குத்தான் போகும். ஒற்று விட்டுப்போனதைச் சுழிப்பது சுலபம். ஆனால் அறிக்கை நிற்கிறதா விழுகிறதா என்பது ஒற்றில் இல்லை.

அடுத்து அமைப்பைப் பார்த்தோம். நோக்கம் என்ற தலைப்பின் கீழ், "g-யின் மதிப்பு 9.8 என நிரூபித்தல்" என்று இருந்தது. "இதுல என்ன தப்பு அம்மாச்சி, எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்" என்றாள். "விடையை முதல் வரியிலேயே எழுதிவிட்டால், பிறகு அளப்பது எதற்கு? அளந்தது ஒத்துவராவிட்டால் பென்சிலைத்தானே எடுக்கத் தோன்றும்?" என்றேன். அப்போதுதான் அந்த 40.1 ஏன் அங்கே வந்தது என்று அவளுக்குப் புரிந்தது. மனிதப் பிழை பற்றிய வரியும் இடம் மாறி, செய்முறைக்கு நடுவில் கிடந்தது. முடிவைப் பார்ப்பதற்கு முன்பே அதற்கான காரணம் வந்துவிட்டது.

பிறகு ஆதாரம். இதில்தான் அதிக நேரம் உட்கார்ந்தோம். "மனிதப் பிழை" என்ற வரி நம் ரெக்கார்டு நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. அதை நம்பலாமா என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். கடிகாரத்தை அமுக்குவதில் கால் வினாடி முன்னே பின்னே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 வினாடியில் கால் வினாடி என்பது 100க்கு 1கூட இல்லை. T-யை இருமடியாக்குவதால் g-யில் அது இரட்டிப்பாகும். அப்போதும் 100க்கு 2ஐத் தாண்டாது. ஆனால் இங்கே விடை 9.8ஐ விட 100க்கு 11 கூடியிருக்கிறது. கை தடுமாறியது இதற்குக் காரணமாக முடியாது.

மேலும், கை தடுமாறினால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இங்கே மூன்று விடையும் ஒரே பக்கம், ஒரே அளவுக்குக் கூடியிருக்கின்றன. அப்படியானால் மூன்று தடவையும் ஒரே மாதிரி நடந்த ஏதோ ஒன்றுதான் காரணம். நூலின் நீளத்தைத் தவறாக எடுத்திருப்பாளோ என்று பார்த்தோம். நீளத்தைக் குண்டின் நடு வரை அளக்க வேண்டும். முடிச்சு வரை மட்டும் அளந்திருந்தால் நீளம் ஒரு சென்டிமீட்டர் போலக் குறையும், விடையும் குறையும். இங்கே கூடியிருக்கிறது. அதனால் அதுவும் இல்லை.

"9.8 வரணும்னா 20 அலைவுக்கு எத்தனை வினாடி ஆகியிருக்கணும், திருப்பிப் போட்டுப் பாரேன்" என்றேன். போட்டாள். 100 செ.மீ.க்கு 40.1 வர வேண்டும், அவளிடம் 2 வினாடி குறைகிறது. 80க்கு 35.9, அங்கே 1.8 குறைகிறது. 60க்கு 31.1, அங்கே 1.6 குறைகிறது. கொஞ்ச நேரம் அந்த மூன்று எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "அம்மாச்சி, ஒரு மீட்டர் ஊசல் ஒரு தடவை போயிட்டு வர ரெண்டு வினாடி! மூணுலயும் ஒரு ஆட்டம் கொறையுது!"

அதேதான். குண்டை விடும்போதே "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தால், "இருபது" சொல்லும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். விடும்போது "சைபர்" சொல்ல வேண்டும். ஊசல் செய்முறையில் ரொம்பப் பேர் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

உடனே பேனாவை எடுத்து, "நீ 19தான் எண்ணியிருக்க" என்று எழுதப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன். நாம் பக்கத்தில் நின்று பார்த்தோமா? இல்லை. இது நம் ஊகம். ஊகத்தைத் தீர்ப்பாக எழுதக் கூடாது, கேள்வியாக எழுத வேண்டும். ஊகம் தவறாகப் போனால் தோழிக்கு அதனால் கெடுதல் இல்லை. சரியாக இருந்தால், கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கே போகட்டும்.

மூன்றாவது தெளிவு. இதற்கு ஒரே ஒரு சோதனைதான் சொன்னேன். "இந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தோழியிடம் எதுவும் கேட்காமல், நீ போய் அதே செய்முறையைச் செய்ய முடியுமா? எந்த இடத்தில் தடுமாறுவாய்?" அவள் இரண்டு இடம் காட்டினாள். "ஊசலின் நீளம் அளவீடு செய்யப்பட்டது" என்று இருக்கிறது, எதிலிருந்து எதுவரை என்று இல்லை. "சிறிது இழுத்து விடப்பட்டது" என்று இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. அகலமாக இழுத்தால் அந்தச் சூத்திரம் சரியாகப் பொருந்தாது, அதனால் அதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அவள் எழுதியதை அவள் அனுமதியோடு கீழே தருகிறேன். கொஞ்சம் நடையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"1. அளந்த நேரத்தை மூன்று நீளத்துக்கும் அப்படியே அட்டவணையில் கொடுத்திருக்கிறாய். அதனால்தான் உன் கணக்கை நானும் போட்டுப் பார்க்க முடிந்தது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

2. நோக்கத்தில் 9.8 என்று விடையே வந்துவிடுகிறது. 'தனி ஊசலைக் கொண்டு g காணல்' என்று எழுதினால் என்ன?

3. மனிதப் பிழை பற்றிய வரி செய்முறைக்கு நடுவில் இருக்கிறது. முடிவுக்குக் கீழே வந்தால் படிக்கிறவருக்குப் புரியும்.

4. உன் மூன்று விடையும் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கம். அப்படியென்றால் நீ கவனமாகத்தான் அளந்திருக்கிறாய். ஆனால் மூன்றுமே ஒரே அளவு கூடியிருக்கின்றன. 1 மீட்டருக்கு 9.8 வர 40.1 வினாடி வேண்டும், உன்னிடம் 2 வினாடி குறைகிறது. மற்ற இரண்டு நீளத்துக்கும் இதே மாதிரி போட்டுப் பார். குண்டை விட்டபோது முதலில் என்ன எண் சொன்னாய்?

5. பென்சிலில் இருக்கும் 40.1 அளந்ததா, கணக்கில் வந்ததா? அளந்தது 38.1 என்றால் அது அப்படியே இருக்கட்டும். மறுபடி அளந்து அதற்குக் கீழே எழுதலாம். நானும் லேபுக்கு வருகிறேன்.

6. நீளத்தை முடிச்சு வரை எடுத்தாயா, குண்டின் நடு வரையா? எவ்வளவு தூரம் இழுத்து விட்டாய்? இந்த இரண்டும் இருந்தால் உன் நோட்டைப் பார்த்தே நான் செய்துவிடுவேன்."

முதல் குறிப்பைப் பாருங்கள். பாராட்டுதான். ஆனால் "சூப்பர்" இல்லை. எதைச் செய்தாள், அதனால் படித்தவளுக்கு என்ன பயன் என்று இருக்கிறது. "சூப்பர்" என்றால் அடுத்த தடவை எதைத் திரும்பச் செய்வது என்று அவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும். ஐந்தாவது குறிப்பைப் பாருங்கள். அதை எழுத அரை மணி நேரம் ஆனது. "ஏமாத்தாத" என்று எழுதியிருந்தால் நட்பு முறிந்திருக்கும். கண்டும் காணாமல் விட்டிருந்தால் அவள் அழித்து எழுதியிருப்பாள், நான் டிக் போட்ட அந்தப் பையனைப் போல. பார்த்ததைச் சொல்லி, கேள்வி கேட்டு, கூடவே "நானும் வருகிறேன்" என்று முடித்தாள். அந்தக் கடைசி வரி நான் சொல்லிக் கொடுத்தது அல்ல, அவளுடையது.

அமெரிக்காவில் ரான் பெர்கர் என்ற ஆசிரியர் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். ஐடஹோ மாநிலம் பாய்சி நகரத்தில் ஆஸ்டின் என்ற ஒன்றாம் வகுப்புச் சிறுவன் ஒரு பட்டாம்பூச்சியின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த கதையை அவர் குழந்தைகளிடம் சொல்கிற வீடியோ யூடியூபில் இருக்கிறது. முதல் படம் எல்லாக் குழந்தைகளும் வரைகிற பட்டாம்பூச்சிதான். வகுப்புப் பிள்ளைகள், "இறக்கை இந்த இடத்தில் கூர்மையாக இருக்கிறதே" என்று புகைப்படத்தைக் காட்டிச் சொன்னார்கள். ஆறாவது முறை வரைந்தது வியக்க வைக்கும் படம். எனக்குப் பிடித்தது அந்த வரிசை. முதலில் வடிவத்தைப் பற்றி மட்டும் சொன்னார்கள், அது சரியான பிறகுதான் இறக்கையின் கோலத்துக்குப் போனார்கள். நாங்கள் அமைப்பை முதலிலும் தெளிவைக் கடைசியிலும் வைத்தது இதே காரணத்துக்காகத்தான். அந்தப் பிள்ளைகளும் "அழகா இல்லை" என்று சொல்லவில்லை, இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள்.

சரி, அந்தப் பெண் என்ன செய்தாள்? மறுநாள் இருவரும் ஆசிரியரிடம் கேட்டு மறுபடி அளந்திருக்கிறார்கள். குண்டை விட்டதும் முதலில் பேத்தி "ஒண்ணு" என்றாளாம். "சைபர்டி!" என்று திருத்தியது அந்தப் பெண். 31.1, 35.9, 40.2 வந்தது. g 9.80, 9.80, 9.77. பென்சிலில் இருந்த 40.1 வரவில்லை பாருங்கள், 40.2 வந்தது. அந்த 0.1 வினாடிதான் அது அளந்து எழுதியது என்பதற்குச் சாட்சி. பழைய அட்டவணையை அடிக்காமல், அதன் கீழே புதியதைப் போட்டு, எண்ணியதில் நடந்த பிழையை இரண்டு வரியில் எழுதியிருக்கிறாள்.

இன்னொரு விஷயம். 9.8 என்பதும் எல்லா ஊருக்கும் ஒரே எண் அல்ல. நம் புதுக்கோட்டைப் பக்கம் அது சுமார் 9.78. துருவத்தில் 9.83 வரை போகும். இது தெரியவந்ததே ஒத்துவராத ஓர் அளவீட்டால்தான். 1672இல் ஜான் ரிஷே என்பவர் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். அது பூமத்திய ரேகைக்குப் பக்கம். அங்கே கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைச் சற்றே குறைத்த பிறகுதான் சரியாக ஓடியது. அவருடைய அளவீட்டையே சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர் அளந்ததை அளந்தபடி எழுதினார். பின்னால் நியூட்டன் அதை எடுத்துக்கொண்டு, பூமி நடுவில் பருத்திருக்கிறது என்பதற்கான சான்றாகக் காட்டினார். "பாரிஸில் வந்ததுதான் வரணும், மாத்திடு" என்று பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தால்?

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "டீச்சர், இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்பீர்கள். எல்லாச் செய்முறைக்கும் வேண்டாம். பருவத்துக்கு இரண்டே இரண்டுக்குச் செய்யுங்கள். ஆனால் ரஃப் நோட்டில் இருக்கும்போதே செய்யுங்கள். ரெக்கார்டில் ஏறி, பார்டர் போட்டு, கையெழுத்தும் வாங்கிய பிறகு எந்தப் பிள்ளையும் தோழி சொன்னதற்காக ஒரு பக்கத்தைக் கிழிக்காது. கிழிக்கச் சொல்வதும் நியாயம் இல்லை.

"பிள்ளைங்க தப்பா சொல்லிட்டா?" என்றும் கேட்பீர்கள். சொல்வார்கள். அதனால்தான் கேள்வியாக எழுதச் சொல்கிறேன். எழுதியவள்தான் கடைசியில் முடிவு செய்ய வேண்டும். ஒரு குறிப்பை ஏற்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். அந்த வரியைப் படித்தாலே பாடம் புரிந்திருக்கிறதா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணைப் பற்றியும் கேட்பீர்கள். விடையை மட்டும் பார்த்து மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். நானே அப்படி இருந்திருக்கிறேன். அந்தப் பயத்தில் இருக்கும் பிள்ளைக்கு நல்ல விடைக்கு ஒரு வழிதான் காட்டலாம். எண்ணை மாற்றாதே, திரும்ப அள.

கடைசியாக, அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்கு. நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை. பெயரை எழுதி உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். வெப்பமானி 97தான் காட்டியது, தம்பி. நீ சரியாகத்தான் பார்த்தாய். "எப்படி அளந்தாய்?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனதற்கு மன்னித்துக்கொள். உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்தால், அவர்கள் நோட்டில் 97 இருக்கும்போது நீயாவது கேள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்